பழைய பாலத்துக்கு எத்தனை தொன்?

கேள்வி: "எங்கள் ஒழுங்கைக்குள் வர ஒரேயொரு பழைய ஒடுங்கிய பாலம்தான். கட்டட வேலைக்கு மிக்சர் லொறி வரப்போகுதாம். பாலம் தாங்குமா இல்லையா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள்?"

நீங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கட்டடக்காரர் பக்கம் என்றால் இந்தப் பதில் அவ்வளவு இனிக்காது. "இவ்வளவு காலமும் டிப்பர் போகுதுதானே சேர், ஒன்றும் ஆகவில்லையே" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன் எழுதுகிறேன். அந்த வசனத்துக்கும் கீழே ஒரு கணக்கு இருக்கிறது.

கொழும்பின் தெற்குப் பக்கம், கால்வாய்க்கு மேலே உள்ள ஒரு பாலத்தை இப்படிப் பார்த்துக் கொடுத்தேன். எந்தப் பாலம் என்று கேட்காதீர்கள். 8 மீற்றர் நீளம், ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். அடியில் 1.2 மீற்றர் இடைவெளியில் ஐந்து இரும்புக் கேர்டர்கள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகள், அதற்கு மேலே நிரப்பு, அதற்கு மேலே தார். இதை ஜக் ஆர்ச் பாலம் என்போம். வரைபடம் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட பாலங்களுக்கு வரைபடம் கிடைத்தால்தான் ஆச்சரியம்.

வரைபடம் இல்லாவிட்டால் பாலத்தையே அளக்க வேண்டும். கேர்டரின் வயிற்றில் துருவைத் தட்டி எடுத்தபோது டோர்மன் லாங் என்று உருட்டிப் பதித்த எழுத்து தெரிந்தது. அது உருக்குத்தான், அதற்கு முந்திய வார்ப்பிரும்போ தேனிரும்போ இல்லை என்பதற்கு அது நல்ல தடயம். மாதிரி வெட்டிச் சோதிக்கப் பணம் தரமாட்டோம் என்றார்கள். அதனால் 1955க்கு முந்திய உருக்குக்குப் பழைய பாலங்களை மதிப்பிடும் பிரித்தானிய விதிநூலான பி.டி.21 சொல்லும் 230 நியூட்டன்/சதுர மில்லிமீற்றர் வலிமையை எடுத்தேன். (பி.டி.21க்குப் பதிலாக இப்போது சி.எஸ்.454 வந்துவிட்டது என்று எழுத வருபவருக்கு: தெரியும்.)

பிறகு துரு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும் துரு பெரும்பாலும் வீங்கிய செதில்தான். உரித்து எறிந்துவிட்டு மிஞ்சியிருக்கும் இரும்பை அளக்க வேண்டும். நடுப்பகுதியில் கீழ்ப் பட்டை 20 மில்லிமீற்றரிலிருந்து 16க்கு இறங்கியிருந்தது. நாலு மில்லிமீற்றர் என்றால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் வளைவுக்கு எதிராக வேலை செய்வது அந்தப் பட்டைதான் என்பதால், கேர்டரின் வலுவில் எட்டில் ஒரு பங்கு அதோடு போய்விட்டது. மிச்சம் இருந்ததற்குப் பாதுகாப்புக் குணகங்களை எல்லாம் கழித்துப் பார்த்தால், ஒரு கேர்டர் தாங்கக்கூடிய மோமன்ட் 312 கிலோநியூட்டன் மீற்றர். கேர்டரை வளைக்கும் விளைவைத்தான் மோமன்ட் என்கிறோம். இனி அலகைத் திரும்பத் திரும்ப எழுதவில்லை, எண்ணை மட்டும் பாருங்கள்.

சூத்திரம் இவ்வளவுதான்:

```
RF = (C − D) / L
```

C என்பது கேர்டரின் வலு. D பாலத்தின் சொந்தப் பாரம், L வாகனம் கேட்பது. விடை 1க்கு மேலே வந்தால் போகலாம், கீழே வந்தால் போகக் கூடாது. எல்லோரும் L ஐப் பற்றியே பேசுவார்கள். இந்தப் பாலத்தில் கதை D இல் இருந்தது.

தாரைத் துளைத்துப் பார்த்தோம். 180 மில்லிமீற்றர்! துளைத்தெடுத்த உருளையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள் கோடு கோடாகத் தெரிந்தன. ஒவ்வொரு முறை வீதிக்குக் காபட் போட வந்தவர்களும் பழையதைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டு வாசலிலும் இதே வேலைதான்: வீதி உயர்ந்து உயர்ந்து இப்போது மழைத் தண்ணீர் படியேறி விறாந்தைக்கு வருகிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சரி, அது வேறு கதை.

பாலத்துக்கு வருவோம். செங்கல், நிரப்பு, கேர்டர், 180 மில்லிமீற்றர் தார் எல்லாவற்றையும் குணகம் போட்டுக் கூட்டினால் D 176. தார் எப்போதும் மாறக்கூடியது என்பதால் அதற்குப் போடும் குணகமே 1.75. மீதி இருப்பது 312இல் 176 போக 136. அதே பாலத்தில் 50 மில்லிமீற்றர் தார் மட்டும் இருந்தால் D 125; மீதி 187. அதாவது பாலம் தூக்கிக்கொண்டு நின்ற தாரே வாகனத்துக்கு உரிய இடத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்தது லொறி. 6 கன மீற்றர் கொங்கிறீட்டோடு மிக்சர் ஏறத்தாழ 26 தொன். முன் அச்சில் 7, பின்னால் 1.35 மீற்றர் இடைவெளியில் இரண்டு அச்சுகள், ஒவ்வொன்றிலும் 9.5. இதை 8 மீற்றர் பாலத்தில் மிக மோசமான இடத்தில் நிறுத்தினால் முழு லொறிக்கும் மோமன்ட் 325, ஒரு பக்கச் சக்கர வரிசைக்கு 163. அதில் ஒரு கேர்டருக்கு 60 வீதம் வருகிறது என்று எடுத்தேன். பாரத்துக்கு 1.5, அதிர்வுக்கு 1.3 என்று பெருக்கினால் L 191.

அதிர்வுக்கு 1.8 போட வேண்டும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அது சாதாரண வேகத்தில் ஓடும் லொறியின் ஓர் அச்சுக்குச் சொன்னது. இந்தப் பாலத்தின் வாசலிலேயே செங்குத்துத் திருப்பம்; எந்த லொறியும் அங்கே ஊர்ந்துதான் ஏற முடியும். உங்கள் பாலம் நேர் வீதியில் இருந்தால் என் 1.3ஐப் பாவிக்காதீர்கள்.

136ஐ 191ஆல் வகுத்தால் 0.71. மிக்சர் போகக் கூடாது.

இப்போது அந்த "டிப்பர் போகுதுதானே" விஷயம். ஒரு கியூப் மணல் 100 கன அடி. ஈரமாக இருந்தால் ஏறக்குறைய 5 தொன். மூன்று கியூப் ஏற்றிய இரண்டச்சு டிப்பர் லொறியின் எடையோடு சேர்த்து 21 தொன் வரும், அதில் 15 தொன் பின் அச்சு ஒன்றிலேயே உட்காரும். மோமன்ட் 294. அதாவது 26 தொன் மிக்சர் செய்யும் வேலையில் 90 வீதத்தை 21 தொன் டிப்பர் செய்துவிடுகிறது. அப்படியானால் பாலம் ஏன் விழவில்லை? பாதுகாப்புக் குணகங்களைத் தின்றுகொண்டுதான் நிற்கிறது. உருக்கு நாங்கள் எடுத்த 230ஐ விட வலுவாக இருக்கலாம், செங்கலும் நிரப்பும் கொஞ்சம் கைகொடுக்கலாம். அது ஒதுக்கிவைத்த காசு. செலவழிக்கிறோம் என்று தெரியாமலே செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் பலகையில் மொத்த எடையை மட்டும் எழுதாதீர்கள், அச்சு எடையையும் எழுதுங்கள் என்றேன். 0.71ஐத் தொன்னாக்கினால் மிக்சர் வடிவ லொறிக்கு 18 தொன் வரும். ஆனால் அதே மோமன்டுக்கு இரண்டச்சு லொறியின் பின் அச்சு 11.8 தொன்னைத் தாண்டக் கூடாது. பலகையில் 18 என்று மட்டும் போட்டால் 18 தொன் டிப்பர் பின் அச்சில் 13 தொன்னோடு சட்டப்படியே ஏறிவிடும்.

60 வீதம் என்பது ஊகம்தானே என்பீர்கள். ஆமாம், அதனால் அதைச் சோதித்தோம். எடைமேடையில் நிறுத்துப் பார்த்த 16 தொன் டிப்பர், பின் அச்சில் 11 தொன்; கணக்கு அனுமதிக்கும் எல்லைக்குள்தான். வெயில் ஏறினால் கேர்டர் தானாகவே வளையும் என்பதால் விடியற்காலையில் செய்தோம். ஒவ்வொரு கேர்டருக்கும் அடியில் ஒரு டயல் கேஜ். பின் அச்சு நடுவில் நின்றபோது ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 1.3, 2.1, 2.4, 2.0, 1.2 மில்லிமீற்றர் இறங்கின. லொறி போனதும் முள் எல்லாம் பூச்சியத்துக்கு வந்தது. வராமல் நின்றிருந்தால் அப்போதே பாலத்தை மூடச் சொல்லியிருப்பேன். நடுக் கேர்டரின் பங்கு மொத்தத்தில் 27 வீதம், அதாவது ஒரு பக்கச் சக்கர வரிசையில் 54. என் 60 கொஞ்சம் கூட, ஆனால் நியாயமானது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரும்பு மட்டும் தனியாகத் தாங்குகிறது என்று கணக்குப் போட்டால் நடுக் கேர்டர் 3.9 மில்லிமீற்றர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 2.4. கட்டடக்காரரின் ஆள் உடனே, "அப்படியென்றால் பாலம் ஒன்றரை மடங்கு வலு, எழுதிக் கொடுங்கோ சேர்" என்றார். எழுதவில்லை. குறைவாக இறங்கியது நிரப்பு கேர்டரோடு ஒட்டி வேலை செய்ததால். அந்த ஒட்டு வெறும் உராய்வுதான், இரண்டையும் பிணைக்கும் ஆணி ஒன்றும் இல்லை. பாரம் கூடும்போது அது எந்த நேரத்திலும் வழுக்கலாம். இந்தச் சோதனை பாலத்தின் விறைப்பைத்தான் காட்டும், முறியும் எல்லையைக் காட்டாது. பாரம் எப்படிப் பங்குபோகிறது என்பதற்கு மட்டும் அதை நம்பினேன்.

கேர்டரின் முனைகளையும் பாருங்கள். இணைப்பு வழியாகத் தண்ணீர் வடிவது அங்கேதான். இங்கே நடுத்தகடு 14இலிருந்து 8 மில்லிமீற்றருக்கு இறங்கியிருந்தும் வெட்டு விசைக்குப் போதியதாக இருந்தது. ஓட்டை விழுந்திருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். கரைச் சுவர்களுக்குக் கணக்குப் போடவில்லை. வெடிப்பு, சாய்வு, அடியில் மண் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று அறிக்கையில் எழுதினேன்.

முடிவு இப்படிப் போனது. தாரை 50 மில்லிமீற்றருக்குக் குறைத்தால் மிக்சருக்கு 187ஐ 191ஆல் வகுத்து 0.98 வரும். 0.98 என்றால் 1தானே என்று கெஞ்சினார்கள். துரு நிற்கப்போவதில்லை, இணங்கவில்லை. தாரைச் சுரண்டிய பிறகு 4 கன மீற்றர் மட்டும் ஏற்றி, ஏறக்குறைய 21 தொன்னில், ஒரு நேரத்தில் ஒரு லொறியாகப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பார்த்தால், தார் சுரண்டக் கொண்டுவந்த இயந்திரமே பாலம் தாங்கும் எடையை விடக் கூட. திருப்பி அனுப்பிவிட்டு, கைப் பிறேக்கரால் உடைத்து அள்ளினார்கள்.