ஓடி கணக்கு: கடனா, கைக்காசின் மறுபக்கமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்டியலிடப்பட்ட குழுமம் ஒன்றின் துணை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். பழைய ஆடிட்டர் ஓடி எனப்படும் ஓவர்டிராஃப்டைக் கடனாக எடுத்துக்கொண்டு கேஷ் ஃப்ளோ அறிக்கையின் நிதி திரட்டல் பகுதியில் போட்டார். புதியவர் அதை ரொக்கத்திலிருந்து கழிக்கச் சொல்கிறார். கடனைப் போய் ரொக்கத்தில் கழிப்பது எப்படிச் சரியாகும்? — திருப்பூர் வாசகர்

ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். வெள்ளி மாலை உங்கள் ஓடி கணக்கில் 4 லட்சம் இருக்கிறது. சனிக்கிழமை கூலிக்கு 10 லட்சம் போகிறது. கணக்கு 6 லட்சம் மைனஸ். செவ்வாயன்று வாடிக்கையாளர் 15 லட்சம் அனுப்புகிறார். கணக்கு 9 லட்சம் பிளஸ்.

இதில் நடந்தது இரண்டே இரண்டு காரியம்: கூலி கொடுத்தீர்கள், விற்ற பணம் வந்தது. ஆனால் ஓடியைக் கடன் என்று வைத்துக்கொண்டால் கேஷ் ஃப்ளோ வேறு கதை சொல்லும். கூலியில் 4 லட்சம் சொந்தக் காசு, மீதி 6 லட்சத்துக்கு சனிக்கிழமை ஒரு கடன் வாங்கினீர்கள், செவ்வாயன்று அதைத் திருப்பிக் கட்டினீர்கள் என்றாகிவிடும். நீங்கள் யாரிடமும் போய்க் கடன் கேட்கவில்லை. எடுத்தது ஒரே கணக்கிலிருந்து. நிலுவை பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போன அந்த நொடியில் ஒரே கூலிப் பட்டுவாடா இரண்டாக உடைந்துவிடுகிறது. இப்படி வருடத்தில் 50 வாரம் நடந்தால், வாங்காத கடன் 3 கோடி வந்ததாகவும் போனதாகவும் ஆகிவிடும். குறுகிய காலத்தில் வந்து போகும் கடன்களை நிகரமாகக் காட்ட அனுமதி உண்டு, ஆனாலும் அடிப்படைக் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

அதனால்தான் கேஷ் ஃப்ளோவுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 7-இன் 8-ஆம் பத்தி, வங்கிக் கடன்கள் பொதுவாக நிதி திரட்டலைச் சேர்ந்தவை என்று சொல்லிவிட்டு, ஒரு விலக்கும் வைக்கிறது. கேட்டவுடன் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஓவர்டிராஃப்ட், நிறுவனத்தின் அன்றாடப் பண நிர்வாகத்தில் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால், அது ரொக்கம் மற்றும் ரொக்கத்துக்குச் சமமானவற்றின் ஒரு பகுதி. மைனஸ் பகுதி, அவ்வளவுதான். இந்த வகைக் கணக்கின் அடையாளத்தையும் அதே பத்தி சொல்கிறது: நிலுவை அடிக்கடி பிளஸுக்கும் மைனஸுக்கும் மாறிக்கொண்டிருக்கும்.

எண்களில் என்ன வித்தியாசம் வரும் என்று பார்த்துவிடலாம். வருடத் தொடக்கத்தில் கையில் ரொக்கம் 2 லட்சம், இன்னொரு வங்கியின் நடப்புக் கணக்கில் 18 லட்சம், ஓடி மைனஸ் 30 லட்சம். வருட முடிவில் இவை முறையே 3 லட்சம், 22 லட்சம், மைனஸ் 45 லட்சம். வருடத்தில் தொழில் நடவடிக்கையில் 60 லட்சம் வந்தது, இயந்திரம் வாங்க 95 லட்சம் போனது, டேர்ம் லோன் 25 லட்சம் கிடைத்தது.

புதிய ஆடிட்டர் சொல்வதுபோல் போட்டால், தொடக்கம் மைனஸ் 10 லட்சம். வருடத்தின் நிகர மாற்றம் 60-இல் 95 போய், 25 சேர்ந்து, மைனஸ் 10. முடிவு மைனஸ் 20. கைவசம் இருப்பதோடு ஒத்துப்போகிறது: 3 கூட்டல் 22 கழித்தல் 45. பழையவர் வழியில் தொடக்கம் 20 லட்சம், ஓடி கூடிய 15 லட்சம் நிதி திரட்டலில் சேர்ந்து அது 40 ஆகும், நிகர மாற்றம் பிளஸ் 5, முடிவு 25 லட்சம். இரண்டுமே கூட்டலில் சரியாக வருகின்றன. ஆனால் ஒன்றில் ரொக்கம் 10 லட்சம் குறைந்திருக்கிறது, மற்றதில் 5 லட்சம் கூடியிருக்கிறது. 'எப்படிப் போட்டால் என்ன' என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

யார் சரி என்று கேட்டீர்கள். உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எங்களுக்கு 4 கோடி கேஷ் கிரெடிட் லிமிட் உண்டு. அனுமதிக் கடிதத்தில் 'கேட்டவுடன் செலுத்தத்தக்கது' என்றே இருக்கிறது. அப்படியானால் அதையும் கழித்துவிடலாமா? — ஈரோடு வாசகர்

அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நம் ஊரில் வங்கிகள் கொடுக்கும் சிசி, ஓடி கடிதம் எதை எடுத்தாலும் அந்த வாசகம் இருக்கும். அது முதல் நிபந்தனை மட்டும். இரண்டாவதுதான் கஷ்டமானது: கணக்கு உண்மையில் ஏறி இறங்குகிறதா?

நான் செய்வது இதுதான். வருடம் முழுவதற்குமான ஸ்டேட்மென்ட்டை எக்செலில் இறக்கி, ஒவ்வொரு நாளின் முடிவு நிலுவையையும் ஒரு நெடுவரிசையில் வைப்பேன். எத்தனை நாள் பிளஸ், எத்தனை நாள் மைனஸ், எத்தனை தடவை கோட்டைத் தாண்டியது என்று எண்ணுவேன். மாதக் கடைசி நிலுவைகளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மார்ச் 31 அன்று சப்ளையர் பணத்தை நிறுத்திவைத்து ஓடியைப் பிளஸ் ஆக்கி, ஏப்ரல் 2-இல் பழைய இடத்துக்கே இறக்கிவிட்ட கணக்கு ஒன்றை ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சிசி பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? ஜனவரி முதல் டிசம்பர் வரை 3.6 கோடிக்கும் 4 கோடிக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். விற்ற பணம் உள்ளே வரும், நூல் வாங்க உடனே வெளியே போகும், பூஜ்யத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காது. சரக்கு, வரவேண்டிய பாக்கி இவற்றைக் காட்டி, டிராயிங் பவர் கணக்குப் போட்டு வாங்கிய நடைமுறை மூலதனக் கடன் அது. பெயரில் 'கேஷ்' இருப்பதால் ரொக்கமாகிவிடாது. நிதி திரட்டலில் போடுங்கள்.

சர்வதேசத் தரநிலைகளுக்கு விளக்கம் தரும் குழுவும் 2018-இல் இதே போன்ற ஒரு விஷயத்தைப் பார்த்தது. 14 நாள் போன்ற குறுகிய முன்னறிவிப்பில் திருப்பித் தர வேண்டிய கடன் வசதிகள், நிலுவை அடிக்கடி பிளஸுக்கு வருவதில்லை. பண நிர்வாகத்துக்காகவே பயன்படுத்துகிறோம் என்று நிறுவனம் சொன்னாலும், இவை ரொக்கத்தின் பகுதி அல்ல என்பதே முடிவு.

இன்னொன்று. நிபந்தனை பொருந்தினால் சேர்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் கூடாது. எந்த வருடம் எது அழகாகத் தெரிகிறதோ அதைப் போடுகிற உரிமை யாருக்கும் இல்லை.

கேஷ் ஃப்ளோவில் கழிக்கிறோமே, பேலன்ஸ் ஷீட்டிலும் கழித்து நிகரத் தொகையைக் காட்டலாமா? — சேலம் வாசகர்

கூடாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பேலன்ஸ் ஷீட்டில் ஒன்றை மற்றதோடு கழிக்க, சட்டப்படி அமல்படுத்தத்தக்க உரிமையும், நிகரமாகவே (அல்லது ஒரே நேரத்தில்) தீர்க்கும் எண்ணமும் சேர்ந்தே வேண்டும். ஒரு வங்கியில் இருப்பு, வேறு வங்கியில் ஓடி என்றால் அந்த உரிமையே கிடையாது. அதனால் மேலே திருப்பூர்காரரின் கணக்கில், பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கம் 25 லட்சம் சொத்துப் பக்கம் நிற்கும், ஓடி 45 லட்சம் நடப்புக் கடன்களில் நிற்கும். கேஷ் ஃப்ளோவின் கடைசி வரி மட்டும் மைனஸ் 20. இரண்டையும் இணைக்கும் ஒரு குறிப்பைத் தர வேண்டும் என்று தரநிலையே கேட்கிறது. மூன்று வரி போதும். அதைப் போடாமல் விட்டால், படிப்பவர் 25 எங்கே, மைனஸ் 20 எங்கே என்று முழிப்பார்.

ஒரு வருட எஃப்டி 50 லட்சம். அதன் மேல் 45 லட்சம் ஓடி. மார்ச் 31 அன்று எஃப்டி முதிர இரண்டு மாதம்தான் பாக்கி. இரண்டையும் ரொக்கத்தில் கொண்டுவரலாமா? — மதுரை வாசகர்

எஃப்டியைக் கொண்டுவர முடியாது. ரொக்கத்துக்குச் சமமானது என்றால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முதிர வேண்டும். அந்த மூன்று மாதக் கணக்கு, நீங்கள் டெபாசிட் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. வருட முடிவிலிருந்து அல்ல. ஒரு வருடத்துக்குப் போட்டது, முதிர ஒரு வாரம் இருந்தாலும் ரொக்கத்துக்குச் சமமானது ஆகாது. தவிர, வங்கி அதன் மேல் லியன் வைத்திருக்கிறது. நினைத்தபோது எடுத்துச் செலவழிக்க முடியாத பணம் அது.

ஓடி தனி விஷயம். ஏறி இறங்கினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ஆக, எஃப்டி வெளியே நிற்க, அதன் மேல் வாங்கிய ஓடி மட்டும் ரொக்கத்தில் மைனஸாக உட்காரும் நிலை வரலாம். பார்க்கக் கொஞ்சம் அநியாயமாக இருக்கும். ஆனால் விதிப்படி அதுதான்.

ஓடி வட்டியை வங்கியே மாதக் கடைசியில் கணக்கில் பற்று வைக்கிறது. நாங்கள் செக் எதுவும் கொடுப்பதில்லை. இது பணம் வெளியே போனதா, இல்லையா? — கோவை வாசகர்

ஓடி ரொக்கத்தின் பகுதி என்றால், அந்தக் கணக்கில் பற்று விழுந்த நிமிடமே ரொக்கம் குறைகிறது. ஆகவே கட்டிய வட்டி. நிதி நிறுவனம் அல்லாதவர்கள் இண்ட் ஏஎஸ்படி அதை நிதி திரட்டல் பகுதியில் காட்ட வேண்டும். மாறாக அது கடன் என்ற பிரிவில் இருந்தால், வட்டி கடனோடு ஏறுகிறது, உங்கள் ரொக்கம் எதுவும் அந்த நாளில் அசைவதில்லை. ஒரே பற்று, இரண்டு விதமாகப் படிக்கப்படுகிறது. இன்னொரு விளைவும் உண்டு: நிதி திரட்டல் கடன்களின் தொடக்க–முடிவு மாற்றத்தைக் காட்டும் குறிப்பில், ரொக்கத்தில் சேர்த்த ஓடியை மறுபடி கொண்டுவர வேண்டாம்.

இலங்கையில் பயில்கிறேன். எங்கள் கம்பனிகளின் அறிக்கைகளில் 'சாதகமான மீதிகள்', 'சாதகமற்ற மீதிகள்' என்று பிரித்து, கடைசியில் கழித்து எழுதுகிறார்கள். அதே விஷயம்தானா? — யாழ்ப்பாண வாசகி

அதேதான். அங்கே எல்கேஏஎஸ் 7, சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 7-ஐ ஒட்டியது. சாதகமற்ற மீதி என்பது வங்கி மேலதிகப்பற்று. நிதிநிலைக் கூற்றில் அது நடைமுறைப் பொறுப்பாகத் தனியே இருக்கும், காசுப்பாய்ச்சல் கூற்றின் அடியில்தான் கழிபடும். உங்கள் பரீட்சையில் கணக்குத் தரும்போது, தொடக்க மேலதிகப்பற்றையும் மறக்காமல் கழியுங்கள். முடிவில் கழித்துவிட்டுத் தொடக்கத்தில் விட்டுவிடுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

எங்கள் தாய் நிறுவனம் அமெரிக்காவில். இங்கே நான் ஓடியைக் கழித்து அனுப்பினால், அவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். — சென்னை வாசகர்

அமெரிக்கக் கணக்கியலில் இந்த விலக்கு கிடையாது. அங்கே வங்கி ஓவர்டிராஃப்டின் மாற்றம் நிதி திரட்டலில்தான். எனவே இந்திய அறிக்கைக்கு ஒன்று, அவர்கள் கேட்கும் படிவத்துக்கு இன்னொன்று என்று இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம், மேலே திருப்பூர்காரரின் கணக்கில் பார்த்தது போல், தொடக்க ஓடி, முடிவு ஓடி, அவற்றுக்கு இடையிலான மாற்றம் என்ற மூன்று எண்கள்தான்.