பிரீமியத்தை நிறுத்தும் முன் சரண்டர் அட்டவணையைப் படிக்கும் முறை

கேள்வி: 2020 நவம்பரில் 20 ஆண்டு எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்தேன். காப்புத் தொகை 5 லட்சம், வரி நீங்கலாக ஆண்டு பிரீமியம் 26,000 ரூபாய். ஆறு பிரீமியம் கட்டிவிட்டேன், ஏழாவதைக் கட்ட மனமில்லை. பாண்டின் கடைசிப் பக்கங்களில் ஆறாம் ஆண்டுக்கு நேராக ஓர் அட்டவணையில் 50 சதவீதம், இன்னொன்றில் 17 சதவீதம் என்று இருக்கிறது. எனக்கு எவ்வளவு கிடைக்கும்? பாலிசியை முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு சரண்டர் செய்வதா, அப்படியே விட்டுவிடுவதா? (வாசகி, திருப்பூர்)

பதில்: அந்த இரண்டு சதவீதங்களும் வெவ்வேறு தொகைகளுக்கு உரியவை. முதல் அட்டவணையில் உள்ள 50 சதவீதம் நீங்கள் கட்டிய பிரீமியத்தின் மீது கணக்கிடப்படுவது. காப்புத் தொகையான 5 லட்சத்தின் மீது அல்ல. கட்டிய பிரீமியம் என்பதிலும் வரி, விபத்துக் காப்பு போன்ற ரைடர்களுக்கான பிரீமியம், உடல்நிலை காரணமாக விதித்த கூடுதல் பிரீமியம் ஆகியவை சேரா. எனவே உங்கள் கணக்கில் ஆறு முறை 26,000, அதாவது 1,56,000 ரூபாய். அதில் பாதி 78,000 ரூபாய். இரண்டாவது அட்டவணையில் உள்ள 17 சதவீதம், இதுவரை உங்கள் பாலிசியில் சேர்ந்துள்ள போனஸின் மீது கணக்கிடப்படுவது. உங்கள் போனஸ் தொகையை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால், காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேர்ந்திருந்தால், அதன் 17 சதவீதம் 20,400 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 98,400 ரூபாய். இதுதான் உத்தரவாத சரண்டர் மதிப்பு.

அட்டவணையைப் படிக்கும்போது மேல்வரிசையில் இருப்பது பாலிசியின் மொத்தக் காலம், இடப்பக்கம் இருப்பது சரண்டர் செய்யும் பாலிசி ஆண்டு என்பதைக் கவனியுங்கள். 15 ஆண்டுப் பாலிசிக்கான கட்டத்தைப் பார்த்துவிட்டு 20 ஆண்டுப் பாலிசிக்குக் கணக்குப் போட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நான்காம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை குறைந்தது 50 சதவீதம், கடைசி இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 90 சதவீதம் என்பது காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்துள்ள அளவு.

ஆனால் உங்கள் கைக்கு வரும் தொகையைப் பாண்டில் அச்சிட்ட இந்த அட்டவணை மட்டும் தீர்மானிப்பதில்லை. சிறப்பு சரண்டர் மதிப்பு என்று இன்னொன்றும் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதையே நிறுவனம் தர வேண்டும். அதற்கான விகிதம் பெரும்பாலும் பாண்டில் இருக்காது, நிறுவனத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். 2024 அக்டோபர் முதல் புதிதாக விற்கப்படும் பாலிசிகளுக்கு இந்த மதிப்பைக் கணக்கிடும் குறைந்தபட்ச அளவுகோலை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்திருக்கிறது என்றாலும், உங்களுடையது அதற்கு முந்தைய பாலிசி என்பதால் உங்கள் பாண்டில் உள்ள நிபந்தனைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

சிறப்பு சரண்டர் மதிப்புக்கு அடிப்படையாக இருப்பது பெய்டு-அப் மதிப்பு. பிரீமியத்தை நிறுத்தினாலும் பாலிசி உயிரோடு இருக்கும்; காப்புத் தொகை மட்டும் கட்டிய தவணைகளின் விகிதத்துக்குச் சுருங்கிவிடும். உங்களுக்கு 20 தவணைகளில் 6 கட்டியாகிவிட்டதால், 5 லட்சம் 1,50,000 ரூபாயாகும். அதோடு சேர்ந்த போனஸ் 1,20,000 நிலைத்து நிற்கும். ஆக 2,70,000 ரூபாய், ஆனால் அது இன்றைக்கு அல்ல, 2040இல் முதிர்வின்போது கிடைப்பது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய போனஸ் பொதுவாகச் சேராது. சிறப்பு சரண்டர் விகிதம் 40 சதவீதம் என்று கிளையில் சொன்னார்கள் என்று வைத்துக்கொண்டால், 2,70,000இல் 40 சதவீதம் 1,08,000 ரூபாய். உத்தரவாத மதிப்பான 98,400ஐ விட இது அதிகம், ஆகவே இதுவே உங்களுக்குச் சேர வேண்டியது.

இப்போது ஒப்பிட வேண்டியவை இந்த இரண்டு தொகைகள். இன்று 1,08,000 வாங்கிக்கொள்ளாமல் விட்டுவைத்தால், மீதமுள்ள 14 ஆண்டு முடிவில் அது 2,70,000 ஆகிறது. இது ஆண்டுக்குச் சுமார் 6.75 சதவீத கூட்டு வளர்ச்சி. இந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டு அதைவிட அதிகம், அதுவும் வரிபோக, ஈட்ட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் சரண்டரில் அவசரம் காட்ட வேண்டியதில்லை. இன்று பெய்டு-அப் ஆக விட்டாலும் சரண்டர் வழி அடைபட்டுவிடாது. முதிர்வு நெருங்க நெருங்கச் சிறப்பு சரண்டர் விகிதம் பொதுவாக உயர்ந்துகொண்டே போகும்.

மூன்றாவது வழியான தொடர்ந்து கட்டுவதையும் கணக்கில் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். பாலிசி எடுத்த நாளிலிருந்து பார்த்தால், இதே போனஸ் நீடித்து 2040இல் காப்புத் தொகையும் 20 ஆண்டு போனஸும் சேர்ந்து 9 லட்சம் கிடைத்தாலும் மொத்த வருவாய் ஆண்டுக்கு 5 சதவீத அளவே. அதனால்தான் உங்களுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் தொடக்க ஆண்டுகளில் கமிஷனாகவும் செலவாகவும் போனது திரும்ப வரப்போவதில்லை. இனிமேல் கட்டும் 14 பிரீமியத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி. பெய்டு-அப் செய்தால் 2,70,000; தொடர்ந்தால் 9,00,000. வித்தியாசமான 6,30,000 ரூபாய்க்காக ஆண்டுக்கு 26,000 வீதம் 14 முறை கட்டுகிறீர்கள் என்றால், அந்தப் பணம் ஈட்டுவது ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம். போனஸ் குறைந்தால் இதுவும் குறையும், ஏனென்றால் வருங்கால போனஸுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் 5 சதவீதத்தை மனத்தில் வைத்து நிறுத்துவது இந்தக் கட்டத்தில் தவறான கணக்கு.

நிறுத்துவது என்று முடிவானால், பெய்டு-அப் நிபந்தனைகளில் மூன்றைக் கண்டிப்பாகப் படியுங்கள். முதலாவது, இறப்புக் காப்பு. இப்போது 5 லட்சமும் போனஸும் குடும்பத்துக்குக் கிடைக்கும். நிறுத்திய பிறகு 1,50,000மும் சேர்ந்த போனஸும்தான், ரைடர்களும் நின்றுபோகும். உங்கள் வருமானத்தை நம்பி யாரேனும் இருந்தால், வேறொரு டேர்ம் பாலிசி உங்கள் கைக்கு வந்த பிறகே பிரீமியத்தை நிறுத்துங்கள், ஏனென்றால் மருத்துவப் பரிசோதனையில் புதிய பாலிசி மறுக்கப்படவும் கூடும். இரண்டாவது, புதுப்பித்தல். முதலில் கட்டத் தவறிய பிரீமியத்தின் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள், வட்டியுடன், நிறுவனம் கேட்கும் உடல்நிலைச் சான்றுடன் மீண்டும் தொடங்கலாம் என்று பாண்டில் இருக்கும். அந்த வரியைத் தேடிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பாலிசிக் கடன் வாங்கியிருந்தால் அதன் நிலை. வட்டி கட்டாமல் விட்டால், கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டும்போது பெய்டு-அப் பாலிசியை நிறுவனமே முடித்துவிடும். 2040இல் வரும் என்று நம்பியிருந்த 2,70,000 அப்போது இருக்காது.

பெய்டு-அப் ஆவதற்கு விண்ணப்பம் தேவையில்லை. ஆண்டுப் பிரீமியத்துக்கான 30 நாள் சலுகைக் காலம் கடந்தால் தானாகவே அந்நிலை வரும். வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் பிடிக்கப்படுவதாக இருந்தால், அந்த அனுமதியை முன்னதாக ரத்து செய்யாவிட்டால் ஏழாவது தவணையும் போய்விடும். சரண்டராக இருந்தாலும் பெய்டு-அப் ஆக இருந்தாலும், நவம்பருக்கு முன்பே பாலிசி எண்ணைக் குறிப்பிட்டுக் கிளைக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, சேர்ந்துள்ள போனஸ், பெய்டு-அப் மதிப்பு, உத்தரவாத சரண்டர் மதிப்பு, சிறப்பு சரண்டர் மதிப்பு, கடன் பாக்கி ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் மேலே நான் கற்பனையாக வைத்த 1,20,000, 40 சதவீதம் ஆகிய இரண்டின் இடத்தில் உங்கள் உண்மையான எண்களை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.