ஃப்ளூட்டட் பேனல்: கடைசித் துண்டை வெட்ட வேண்டாம்

"118 இஞ்ச் சுவரில் 5 இஞ்ச் பேனல் அடித்தால் ஓரத்தில் 3 இஞ்ச் துண்டு விழுகிறது. ஆசாரி வெட்டிப் போடலாம் என்கிறார். லைட்டும் மறைவாக வர வேண்டும்."

வெட்ட விடாதீர்கள் சார். பாதியில் அறுந்த வரிப்பள்ளம் லைட் போட்டதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். 23 முழு பேனல் 115 இஞ்ச். மிச்சத்தை இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சாகப் பிரித்து இடைவெளி விடுங்கள். லைட்டுக்கு இடம் அதுதான். பேனலை ஒரு இஞ்ச் ரீப்பர் மேல் அடித்து, ஓர ரீப்பரை ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி, அதன் பக்கவாட்டில் எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டச் சொல்லுங்கள். பால் நிற மூடியுள்ள அலுமினியப் பட்டைக்குள் போட்டால் புள்ளி தெரியாது.

அப்புறம், சுவரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள். மூலை நேராக இருக்கிற வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. லைட்டுக்கு கரண்ட் கொடுக்கும் எல்இடி டிரைவரை மட்டும் பேனலுக்குப் பின்னால் புதைக்காமல் டிவி யூனிட் கதவுக்குள் வையுங்கள், முதலில் போவது அதுதான்.