இரண்டு கொக்கு

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பிளெண்டரில் ஒரு குழந்தைகள் தொடர் செய்கிறோம். மூன்றாவது எபிசோடுக்குள் ஃபைல்கள் எல்லாம் குழம்பிவிட்டன. ஃபோல்டர் எப்படிப் பிரிப்பது, பெயர் எப்படி வைப்பது, பேக்கப் எப்படி எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எல்லோரும் பொதுவாக ஃபைல் போடும் உங்கள் நாஸ் பெட்டியில் இப்போது "புதுசு", "புதுசு 2", "அண்ணன் பார்த்தது" என்றெல்லாம் ஃபோல்டர்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. அவற்றால் எரிச்சல் வருமே தவிர செய்த வேலை அவ்வளவாகப் போகாது. பார்க்க ஒழுங்காக இருந்த ஒரு ஃபோல்டரால்தான் நாங்கள் செய்த வேலை போனது. அதற்குப் பாதிக் காரணம் நான்.

கோவையில் ஒரு சின்ன ஸ்டுடியோ. நாங்கள் எட்டுப் பேர். தொடரில் ஒரு கொக்கு முக்கியமான பாத்திரம். ஆரம்பத்தில் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பாத்திரப் பட்டியல் இருக்கும் ஷீட்டைப் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் உருவாக்கும். ஷீட்டில் பெயர்கள் தமிழில் இருந்தன. ஃபோல்டர்களும் தமிழிலேயே வந்தன. எல்லோருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் டிசைனர் தன் பழைய மேக்கிலிருந்து கொக்கின் டெக்ஸ்சர்களை `rsync` போட்டு நாஸுக்கு ஏற்றினார். அவர் பக்கத்திலும் ஃபோல்டரின் பெயர் "கொக்கு"தான். ஏற்றி முடித்ததும் நாஸில் இரண்டு "கொக்கு" ஃபோல்டர்கள் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாது என்றுதானே நினைப்போம்?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அனிமேட்டர் தம்பி ஒருவர் இதைப் பார்த்தார். "டூப்ளிகேட் ஒண்ணு கிடக்குது" என்று பழைய தேதி போட்டதை அழித்துவிட்டார். விண்டோஸில் நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்து அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டர் ஓட ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு நாஸை இன்னொரு பெட்டிக்குக் காப்பி எடுக்கும் வேலை ஓடியது. காலையில் வந்து பார்த்தால் முப்பத்தெட்டு ஷாட்டிலும் கொக்கு கண்ணைப் பறிக்கும் பிங்க் நிறத்தில் நின்றது. டெக்ஸ்சர் கிடைக்கவில்லை என்றால் பிளெண்டர் அந்த நிறத்தைத்தான் காட்டும்.

ரெண்டர் லாகில் ஃபைல் இல்லை என்று இருந்தது. ஆனால் ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறதே! மேக்கில் இருந்த மூல ஃபோல்டரையும் நாஸில் மிஞ்சியதையும் ஒரே இடத்தில் வைத்து இதை ஓட்டிய பிறகுதான் புரிந்தது:

```
for d in *; do printf '%s' "$d" | wc -c; done
21
18
```

ஒரே பெயர், ஆனால் ஒன்று 18 பைட், இன்னொன்று 21 பைட். யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். "ொ" என்பதை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விண்டோஸில் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் முதல் வகை. மேக்கின் பழைய டிஸ்க் வடிவமான HFS+ பெயர்களைப் பிரித்து இரண்டாவது வகையில்தான் எழுதும். லினக்ஸில் ஓடும் எங்கள் நாஸ் பைட்டுகளை மட்டுமே பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. அதனால் அதற்கு இவை இரண்டு வேறு ஃபோல்டர்கள். தம்பி அழித்தது 21 பைட் ஃபோல்டர். ரிக் தேடிக்கொண்டிருந்ததும் அதைத்தான். மிச்சமிருந்த 18 பைட் ஃபோல்டரில் யாரோ போட்டு வைத்த இரண்டு சோதனைப் படங்கள் மட்டும் இருந்தன.

"ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்கிறானே, இவனெல்லாம் தமிழனா" என்று கீழே ஒருவர் வருவார். ஐயா, ஃபிரெஞ்சுக்காரர்கள் é போட்டாலும் இதே கதைதான். கதை, வசனம், ஷீட் எல்லாம் தமிழில் எழுதுங்கள். ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலைத் தேடிப்போகும் பாதையில் மட்டும் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றும் போதும். பெரிய எழுத்தும் வேண்டாம், ஏனென்றால் `Tex` என்பதும் `tex` என்பதும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸ் ரெண்டர் மெஷினுக்கு வேறு.

ஆங்கில எழுத்துக்கு மாறினால் அடுத்த தலைவலி ழகரம். ஒருவர் `kizhavi` என்பார், இன்னொருவர் `kilavi` என்பார். பாத்திரம் உருவாகும் அன்றே ஷீட்டில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஃபைல் பெயரை ஒருவர் எழுதி விட வேண்டும். மற்றவர்கள் அதைக் காப்பி செய்து ஒட்ட வேண்டும், தாங்களாகத் தட்டச்சு செய்யக் கூடாது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் அமைப்பு இது:

```
kkm/
  work/assets/char/kokku/kkm_char_kokku_rig_v012.blend
  work/ep03/sh0110/kkm_ep03_sh0110_anim_v007.blend
  publish/assets/char/kokku/kkm_char_kokku_rig.blend
  render/ep03/sh0110/
  edit/
```

இதில் முக்கியம் `work`, `publish` என்ற பிரிவுதான். `work`-க்குள் ஆளாளுக்கு v001, v002 என்று எவ்வளவு வேண்டுமானாலும் சேமிக்கலாம். ஷாட் ஃபைல்கள் அங்கிருந்து எதையும் லிங்க் செய்யக் கூடாது, `publish`-இலிருந்து மட்டும்தான். அங்கே இருக்கும் ஃபைலுக்கு வெர்ஷன் எண் கிடையாது. ரிக் v013 தயாரானால் பொறுப்பாளர் ஒருவர் அதை எண் இல்லாத அதே பெயரில் அங்கே வைப்பார், பழையதைத் தேதி போட்டு ஒதுக்கி வைப்பார். நாற்பது ஷாட்டைத் திறந்து பாதையை மாற்ற வேண்டியதில்லை, அடுத்த முறை திறக்கும்போது புது ரிக் தானாக வந்துவிடும். மற்றவர்களுக்கு `publish` படிக்க மட்டும், எழுத அனுமதி இல்லை. இந்த ஒரு பூட்டு அன்று இருந்திருந்தால் தம்பியால் அழித்திருக்கவே முடியாது. அவரை நான் திட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இடத்தில் நானும் அழித்திருப்பேன்.

ஃபைலுக்குள் இருக்கும் பெயருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. பிளெண்டர் லிங்க் செய்யும்போது ஃபைல் பாதையோடு உள்ளே இருக்கும் கலெக்‌ஷனின் பெயரையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்கும். ரிக் போடுபவர் `CH-kokku` என்பதை அழகுக்காக `Kokku_New` என்று மாற்றினால், ஃபைல் பெயர் சரியாக இருந்தும் எல்லா ஷாட்டிலும் கொக்கு காணாமல் போகும். எலும்பின் பெயரை மாற்றினால் கொக்கு இருக்கும், இறக்கை மட்டும் அசையாது. இது இன்னும் மோசம், ஏனென்றால் ரெண்டரைப் பார்க்கும் வரை தெரியாது.

ஷாட் எண்களைப் பத்து பத்தாகப் போடுங்கள். 0110-க்கும் 0120-க்கும் நடுவில் ஒன்று சேர்ந்தால் 0115. ஒன்று வெட்டப்பட்டால் அந்த எண் அப்படியே காலியாகக் கிடக்கட்டும்.

சரி, பேக்கப். எங்களிடம் "பேக்கப்" இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிய அந்த வேலை `rsync -a --delete`. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை மாலை நடந்த தவறை விடியற்காலைக்குள் நேர்மையாக இரண்டாவது பெட்டிக்கும் கொண்டு சேர்த்துவிட்டது. அந்த வரியை எழுதியதும் நான்தான். கிளவுட் சிங்கும் இதே சாதிதான், வெர்ஷன் வரலாறு வைக்காத வரை.

பிறகு எப்படி மீட்டோம்? மேக்கில் இருந்தவை இறக்கையின் நிறம் மாற்றுவதற்கு முந்தைய படங்கள். இன்னொரு அக்கா ஒரு சோதனை ஃபைலில் டெக்ஸ்சர்களை உள்ளேயே பேக் செய்து தன் லேப்டாப்பில் வைத்திருந்தார். ஆறில் நான்கு அதிலிருந்து வந்தன. மீதி இரண்டைத் திரும்ப வரைய இரண்டு நாள் ஆனது. அதிர்ஷ்டம்தான்.

இப்போது தினமும் ராத்திரி தனித் தேதியில் ஒரு நகல்:

```
rsync -a --link-dest=/backup/2024-03-11 \
  --exclude=/render/ /projects/kkm/ /backup/2024-03-12/
```

முந்தைய நாளிலிருந்து மாறாத ஃபைல்களை இது மறுபடி காப்பி செய்யாது, அதே ஃபைலுக்கு இன்னொரு இணைப்பு மட்டும் போடும். ஒவ்வொரு தேதி ஃபோல்டரும் முழுசாகத் தெரியும், ஆனால் மாறியவை மட்டுமே இடம் பிடிக்கும். இன்று அழித்தது நேற்றைய ஃபோல்டரில் இருக்கும். தேதி ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே டிஸ்கில் இருப்பதால் இது மட்டும் போதாது. சனிக்கிழமைதோறும் ஒரு வெளி டிஸ்கில் எடுத்து முதலாளி வீட்டுப் பீரோவுக்கு அனுப்பிவிடுகிறோம். இரண்டு டிஸ்க் மாற்றி மாற்றி.

`render`-ஐ ஏன் விட்டோம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 நிமிட எபிசோட், நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 16,500 ஃப்ரேம். 1920×1080-இல் ஹாஃப் ஃப்ளோட் EXR, சுருக்காமல் ஒரே லேயருக்கு ஃப்ரேமுக்கு 16 எம்பிக்கு மேல். மொத்தம் 270 ஜிபி, ஒரு எபிசோடுக்கு மட்டும். `work`-உம் `publish`-உம் இருந்தால் ரெண்டரைத் திரும்ப எடுக்கலாம், தலைகீழாக முடியாது. எபிசோட் பூட்டிய பிறகு இறுதி ஃப்ரேம்களை ஒரே ஒரு முறை தனி டிஸ்கில் எடுத்து வைக்கிறோம்.

மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு ஷாட்டைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து ஒரு ஃப்ரேம் ரெண்டர் செய்கிறோம். முக்கியமான விஷயம், அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேக்கப்பில் இல்லாத டெக்ஸ்சரை அது சத்தமில்லாமல் நாஸிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாமும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். பாதைகள் `//` என்று தொடங்குகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். `Z:\` என்று ஏதாவது இருந்தால் உடனே பிங்க்.

கிட் பயன்படுத்தலாமே, SVN பயன்படுத்தலாமே என்பவர்களுக்கு: செய்யலாம், பிளெண்டர் ஸ்டுடியோவே SVN-இல் படங்கள் எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எங்களுக்கு ஆள் நான் ஒருவன்தான், அதுவும் பாதி நேரம் லைட்டிங்.

இந்தப் பாதி நேரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொடர் வெளிவந்தபோது இறுதியில் ஓடும் பெயர்களில் டிரைவர் அண்ணன் பெயர் இருந்தது, சந்தோஷம். டீ வாங்கித் தந்த தம்பி பெயர் இருந்தது, அதுவும் சந்தோஷம். என் பெயர் "லைட்டிங் உதவி"யில் ஐந்தாவதாக. ஒன்றரை வருஷம் ஃபைல்களைக் கட்டிக் காத்ததற்கு ஒரு வரி கிடையாது. கேட்டதற்கு, "அதுக்கு என்னன்னு பேர் போடறது?" என்றார்கள். உங்கள் ஆறு பேரில் இந்த வேலையை ஒருவர் தலையில் கட்டப் போகிறீர்கள். அவருக்கு என்ன பெயர் போடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் படித்துவிட்டு இன்று ராத்திரியே மூன்று எபிசோட் ஃபைல்களின் பெயரையும் மாற்ற உட்காராதீர்கள். ஏற்கனவே லிங்க் ஆனவற்றை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றினால் பிளெண்டருக்கு அது தெரியவே தெரியாது. முதலில் இருப்பதை இருக்கிற மாதிரியே ஒரு டிஸ்கில் முழுதாகக் காப்பி எடுங்கள். மூன்றும் பழைய பெயரிலேயே முடியட்டும், நான்காவதிலிருந்து புது முறை. அதற்கு முன்னால் அசெட் ஃபோல்டரில் அந்த `wc -c` வரியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒன்றுபோல் தெரியும் பெயர் இரண்டு இருந்தால் எதையும் அழிக்க வேண்டாம், எந்த ஃபைல் எதைத் தேடுகிறது என்று பார்த்துவிட்டு இங்கே கமென்ட்டில் எழுதுங்கள்.