இடையில் 0 வரும்போது பைனரிக் கழித்தலும் பெருக்கலும்

"1000 − 11 போட்டால் எனக்கு 111 வருகிறது, விடை 101 என்கிறார்கள். 1011 × 101-க்கும் 100001 என்று தப்பாக வருகிறது. எங்கே பிசகுகிறேன்?"

கழித்தலில் உங்கள் பிசகு வலமிருந்து இரண்டாவது இடத்தில் இருக்கிறது. கடைசி 0 கடன் கேட்கிறது. பக்கத்திலும் அதற்கடுத்தும் 0 என்பதால், இடக்கோடி 1 வரை போகிறோம். அந்த 1 போய் 0 ஆகிறது. அடுத்த இடத்துக்கு 10, அதாவது இரண்டு, வருகிறது. அதில் ஒன்றை வலப்பக்கம் கொடுத்தால் மிஞ்சுவது 1. அடுத்த இடத்திலும் இதேதான். நீங்கள் அங்கே ஒன்றைக் கொடுத்துவிட்டும் 10 என்றே வைத்துக் கழித்திருக்கிறீர்கள். மேலே சிறியதாக இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

```
  0  1  1 10
  1  0  0  0
-       1  1
------------
  0  1  0  1
```

கடன் கடந்துபோன 0 எல்லாம் 1 ஆகும். கேட்ட இடம் மட்டுமே 10. பத்தடிமானத்தில் 1000 − 3 போடும்போது நடுவில் 9, 9 என்று எழுதுவோமே, அதே கதைதான். சரிபார்க்க 101 + 11 கூட்டுங்கள், 1000 வர வேண்டும்.

பெருக்கலில் நடு 0-வை நீங்கள் அப்படியே தாண்டிவிட்டீர்கள். அதற்குக் கூட்ட ஒன்றுமில்லை, ஆனால் இடம் உண்டு. 101-இன் இடக்கோடி 1 மூன்றாவது இடத்தில் இருப்பதால் 1011-ஐ இரண்டு இடம் நகர்த்த வேண்டும்:

```
    1011
+ 101100
--------
  110111
```

பத்தடிமானத்தில் பார்த்தால் 11 × 5 = 55, சரி. உங்களுக்கு வந்த 100001 என்பது 33, அதாவது 11 × 3. ஓரிடம் மட்டும் நகர்த்தியதால் பைனரி 101-ஐ பைனரி 11, அதாவது 3, ஆக்கிப் பெருக்கியிருக்கிறீர்கள். 0-க்கும் 0000 என்று ஒரு வரி எழுதிப் பழகினால் இடம் தவறாது.