சந்தை மதிப்பில் மூலதனச் செலவு: 9.6% ஏன் 12% ஆகிறது?

கேள்வி: நிறையிட்ட சராசரி மூலதனச் செலவு எனக்கு 9.6% வருகிறது, விடையில் 12% என்று இருக்கிறது. ஏட்டு மதிப்பில் கூட்டினாலும் சந்தை மதிப்பில் கூட்டினாலும் மொத்தம் ஒரே 20 கோடிதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

மொத்தம் ஒன்றாக அமைந்தது தற்செயல். உள்ளே பங்கீடு வேறு. ஏட்டில் கடன்பத்திரம் 10, முன்னுரிமைப் பங்கு 4, சாதாரணப் பங்கும் பகிரப்படாத இலாபமும் சேர்ந்து 6 கோடி. சந்தையிலோ அவை முறையே 8, 3, 9 கோடி. ஆகவே நிறைகள் 40%, 15%, 45%.

ஆனால் நிறையை மட்டும் மாற்றினால் போதாது. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஒவ்வொரு மூலத்தின் செலவையும் இன்றைய விலையிலிருந்தே எடுக்க வேண்டும். முகமதிப்பு 1,000 உள்ள 8% கடன்பத்திரம் 800க்கு விற்கிறது என்றால், 80 வட்டிக்காக முதலீட்டாளர் இன்று 800 மட்டுமே தருகிறார். அதாவது அவர் கேட்பது 10%. வட்டி வரிக்கு முன் கழிக்கப்படும் செலவு என்பதால், 25% வரியில் நிறுவனத்தின் மேல் விழும் சுமை 7.5%. இங்கே கடன்பத்திரம் திருப்பித் தரப்படாத வகை என்பதால் ஒரே வகுத்தலில் முடிந்தது. முதிர்வுத் தேதி இருந்தால், முதிர்வு வரையிலான வருவாய் வீதத்தைக் கண்டுபிடித்துத்தான் வரியைக் கழிக்க வேண்டும்.

முன்னுரிமைப் பங்கின் முகமதிப்பு 100, ஈவுத்தொகை 9, விலை 75, செலவு 12%. இந்த ஈவுத்தொகை வரி கட்டிய பிறகு மிஞ்சும் இலாபத்திலிருந்து தரப்படுவதால் இதில் வரிச் சலுகை கிடையாது. சாதாரணப் பங்கின் விலை 90, அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் ஈவுத்தொகை 7.20, வளர்ச்சி 8%; எனவே 7.20 ÷ 90 = 8%, அதனுடன் வளர்ச்சி 8% சேர்ந்து 16%.

```
0.40 × 7.5 + 0.15 × 12 + 0.45 × 16
= 3.0 + 1.8 + 7.2 = 12.0%
```

உங்கள் 9.6% வந்த வழியும் தெரிகிறது: ஏட்டு நிறைகளான 50%, 20%, 30% ஆகியவற்றுடன் கூப்பன் வீதத்தில் வரி போக 6%, முகமதிப்பின் மீது 9%, பிறகு 16%. செலவுகளைச் சரிசெய்து நிறைகளை அப்படியே விட்டிருந்தால்கூட 10.95%தான் வந்திருக்கும். 11.5% வருவாய் தரும் திட்டம் ஒன்று இருந்தால், இரண்டு தவறான கணக்குகளும் அதை ஏற்கச் சொல்லும். சரியான கணக்கு மறுக்கும்.

படிக்கும் காலத்தில் நான் திரும்பத் திரும்பச் செய்த பிழை, பங்கின் சந்தை மதிப்புக்கு மேல் பகிரப்படாத இலாபத்தையும் தனி வரியாகச் சேர்த்தது. 90 என்ற விலைக்குள் அந்த இலாபம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மீண்டும் சேர்த்தால் சாதாரணப் பங்கின் நிறை பொய்யாக உயரும். அதேபோல், நிறுவனம் நட்டத்தில் ஓடி வரியே கட்டாத ஆண்டுகளில் வட்டியால் வரி மிச்சமாகாது, அப்போது 7.5% என்று எழுதுவதும் பிழையே.