மேல்தட்டுப் பீப்பாயில் குறைந்ததை யார் குடித்தார்கள்?

"நான் கொழும்பு. ஸ்கொட்லாந்தில் 12 வருஷம் வைக்கிற விஸ்கியின் நிறமும் ருசியும் இந்தியாவில் 4, 5 வருஷத்திலேயே வந்துவிடுகிறது என்கிறார்கள். வெக்கைதான் காரணமா? அப்படியென்றால் சூடான களஞ்சியத்தில் ஏன் அவ்வளவு ஆவியாகிப் போகிறது? சின்னப் பீப்பாய் ஒன்று கிடைத்திருக்கிறது, பிளாட்டில் வைத்துப் பார்க்கலாமா?"

வெக்கைதான் காரணம். பதிலை இத்தோடு முடித்திருப்பேன், ஆனால் "ஏன் ஆவியாகிப் போகிறது" என்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. இந்தக் கேள்விக்காகவே ஒரு காலத்தில் என்னைக் கள்ளன் கணக்காக நிற்க வைத்திருக்கிறார்கள். நான் இரசாயனம் படித்தவன் இல்லை, கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு சாராயக் கம்பெனியின் களஞ்சியத்தில் இருப்புப் புத்தகம் எழுதியவன். பட்டம் உள்ளவர்கள் கீழே வந்து திருத்தலாம், கோபமில்லை.

எங்கள் கம்பெனி வழக்கமான தென்னஞ் சாராயத்தோடு, அமெரிக்காவில் பேர்பன் விஸ்கி வைத்திருந்த பழைய ஓக் பீப்பாய்களிலும் கொஞ்சம் சரக்கு போட்டு வைத்தது. 200 லீட்டர் பீப்பாய்கள், உள்ளே போகும்போது 60 சதவீத மதுசாரம். பாதியைத் தரையில் அடுக்கினார்கள், இடமில்லாததால் மீதி தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டுக்குப் போனது. 4 வருஷம் கழித்து அளவுகோலை விட்டுப் பார்த்தால் தரையில் இருந்தவற்றில் 156 லீட்டர் அளவில் இருந்தது, மேல்தட்டில் 137 தான். வெளியிலிருந்து வந்த கணக்காய்வாளர் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார், அதில் வருஷத்துக்கு 2 சதவீதம் கழிவு போகலாம் என்று போட்டிருந்தது. அது குளிர் நாட்டுக் கணக்கு. அதன்படி 184 லீட்டராவது இருக்க வேண்டும். மீதி எங்கே என்று கேட்டார். கேட்கும்போது பட்டியலைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைத்தான் பார்த்தார்.

2 சதவீதம் ஸ்கொட்லாந்துக்குச் சரியான கணக்குத்தான். அங்கே களஞ்சியத்தின் சராசரி வெப்பம் 10 பாகைக்குப் பக்கம், மாரி காலத்தில் அதற்கும் கீழே. கொழும்பில் தை மாதம் என்ன, ஆவணி என்ன, வருஷம் முழுக்க 27, 28 பாகை. தூய மதுசாரத்தின் ஆவி அழுத்தம் 10 பாகையில் 3 கிலோபாஸ்கல் என்றால் 30 பாகையில் அது 10-ஐத் தாண்டிவிடும். அதாவது மரத்துக்குள்ளால் வெளியே தள்ளுகிற விசை மூன்று மடங்குக்கு மேல். 2 சதவீதம் இங்கே 6, 7 ஆவதற்கு இதுவே போதும். மேல்தட்டில் மதியம் தகரம் காய்கிற சூட்டையும் கூரை இடுக்கால் ஓடுகிற காற்றையும் சேர்த்தால் 9 வரை போகும். பெங்களூர் அம்ருத் விஸ்கிக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்கு வருஷத்துக்கு 10, 12 சதவீதம் போகிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 2013-ல் அவர்கள் வெளியிட்ட 8 வருஷ விஸ்கிக்குப் பெயரே 'கிரீடி ஏஞ்சல்ஸ்'. ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்று சொல்வது அந்தத் தொழில் வழக்கம், இந்தத் தேவதைகள் பேராசை பிடித்தவர்கள், போட்டதில் முக்கால்வாசி போய்விட்டது.

கணக்காய்வாளருக்கு இதெல்லாம் ஏறவில்லை. தன்னோடு வந்த பொடியனிடம் ஹைட்ரோமீட்டரைக் கொடுத்து மேல்தட்டுச் சரக்கின் வீரியத்தைப் பார்க்கச் சொன்னார். அது 60-ஐக் காட்டியது. "பாருங்கள், வீரியம் மாறவில்லை, அளவு மட்டும் குறைந்திருக்கிறது, குழாய் போட்டு உறிஞ்சினால்தான் இப்படி வரும்" என்றார்.

அவர் சொன்ன தர்க்கம் பிழையில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பீப்பாயிலிருந்து சரக்கை எடுத்தாலோ ஒழுகினாலோ மிச்சத்தின் வீரியம் மாறாது. எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் அளவு சரியாக நிற்கும், ஆனால் வீரியமும் நிறமும் சேர்ந்து இறங்கும். கொழும்பு மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் ஆவியாகிப் போனால் கதை வேறு: அளவும் குறையும், வீரியமும் குறையும், நிறம் மட்டும் கடுமையாகும். ஏன் என்றால் இங்கே காற்றிலேயே தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, பீப்பாய்க்குள் இருக்கிற தண்ணீருக்கு வெளியே போக அவசரமில்லை. மதுசாரத்துக்கு அப்படித் தடை இல்லை, வெளிக்காற்றில் அது கிடையாது, எனவே அது தன் பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் கென்டக்கியில் மேல்மாடிக் களஞ்சியங்கள் சூடாகவும் காய்ந்தும் இருப்பதால் அங்கே தண்ணீர்தான் கூடப் போகும், வீரியம் ஏறும். மரத்திலிருந்து கரைந்து வந்த நிறமும் துவர்ப்பும் எந்த ஊரிலும் ஆவியாகாது, உள்ளேயே தங்கி அடர்த்தியாகும்.

அப்போ 60 எப்படி வந்தது? பொடியன் வெப்பமானியை எடுக்கவே இல்லை. ஹைட்ரோமீட்டர் 20 பாகைக்குச் செய்த சாமான். சரக்கு சூடாக இருந்தால் விரிந்து இலேசாகும், மிதவை இன்னும் கீழே இறங்கும், வீரியம் கூட இருப்பது போலக் காட்டும். 30 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிற சரக்கில் இந்த வித்தியாசம் மூன்றரை வரும். திருத்த அட்டவணையை எடுத்துப் பார்த்தால் உண்மை வீரியம் 57-ஐ ஒட்டித்தான். இப்போது கணக்குப் போடுங்கள். போட்டது 200 லீட்டரில் 60 சதவீதம், அதாவது மதுசாரம் மட்டும் 120 லீட்டர். இருப்பது 137-ல் 57 சதவீதம், 78 லீட்டர். போனது 42 லீட்டர் மதுசாரமும் 21 லீட்டரளவு தண்ணீரும். குழாய் போட்டுக் குடிக்கிறவன் மதுசாரத்தை இரண்டு பங்கு, தண்ணீரை ஒரு பங்கு என்று பிரித்தெடுத்துக் குடிக்க மாட்டான். 60-ல் இருக்கிற சரக்கை அப்படியே எடுத்தால் ஒன்றரைக்கு ஒன்றாகத்தான் போகும். நிறத்தையும் கண்ணாடிக் குவளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம், தரைப் பீப்பாய் பொன்நிறம், மேல்தட்டு செம்பழுப்பு. அதன் பிறகு அறிக்கையில் ஒரு வரி மாறியது. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாராயக் கம்பெனியில் வேலை என்றாலே வெள்ளவத்தையில் எங்கள் சனம் நம்மைக் குடிகாரன் என்று முடிவு கட்டிவிடும். என் தங்கைக்குப் பேசி வந்த ஒரு இடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா "தம்பி என்ன, தண்ணிக் கம்பெனியாமே?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். அதே வீட்டுக்காரர்களே பிறகு கலியாண வீட்டுக்குக் குறைந்த விலைக்குப் போத்தல் எடுக்க முடியுமா என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெக்கை எல்லாவற்றையும் ஒரே அளவில் வேகப்படுத்துவதில்லை, "இங்கே ஒரு வருஷம் அங்கே மூன்று வருஷம்" என்று விளம்பரத்தில் சொல்வதை நான் நம்பாததற்குக் காரணம் அதுதான். சூட்டில் மரத்திலிருந்து சாறு இறங்குவது வேகமாகும், வனிலா வாசமும் நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் வந்துவிடும். வடித்த புதிதில் இருக்கிற கந்தக நாற்றமும் சீக்கிரம் போகும். ஆனால் மரத்துக்குள்ளால் மெல்ல வருகிற பிராணவாயு சரக்கோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு வெப்பத்தோடு காலமும் வேண்டும். நிறம் வந்துவிட்டதென்று வயசு வந்துவிட்டதாக எண்ணக்கூடாது. மேல்தட்டுச் சரக்கை நான் நாக்கில் வைத்தபோது முதலில் நல்ல இனிப்பு வாசம், அடுத்த நொடி வாய் முழுக்கக் காய்ந்துபோய், கேத்திலில் மறந்துவிட்ட பிளேன்டீயைக் குடித்த மாதிரி இருந்தது. தரைப் பீப்பாயில் அது இல்லை. ஆகவே சூடான நாட்டில் உள்ளவர்கள் பீப்பாயைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறார்கள். தாய்வானின் கவலன் நிறுவனம் 2005-ல் வேலையைத் தொடங்கி 2008-லேயே விஸ்கியை வெளியே விட்டது, 2010-ல் ஸ்கொட்லாந்துக்காரர்களே பெயர் தெரியாமல் ருசி பார்த்து அதை முதலாவதாக வைத்தார்கள். ஸ்கொட்லாந்து விசுவாசிகள் சண்டைக்கு வரவேண்டாம், உங்கள் 18 வருஷச் சரக்கை நானும் மதிக்கிறேன், அதே 18 வருஷத்தை இங்கே வைத்தால் பீப்பாயில் மரச்சாறுதான் மிஞ்சும் என்கிறேன், அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாராயத்தைப் பெரிய பெரிய ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வைப்பதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. தொட்டி பெரிதானால் ஒரு லீட்டருக்கு வருகிற மரப் பரப்பு குறையும், ஆவியாவதும் குறையும், மரம் ஏறுவதும் மெதுவாகும்.

உங்கள் பீப்பாய் அதற்கு நேர் எதிர். நீங்கள் வாங்கியது ஆட்கள் பரிசாகக் கொடுக்கிற 5 லீட்டர்ப் பீப்பாயாக இருக்க வேண்டும். 200 லீட்டரோடு பார்த்தால் அதில் ஒரு லீட்டருக்கு மரப் பரப்பு மூன்று மடங்குக்கு மேல். கொழும்பு பிளாட்டில் ஒரு வருஷத்தில் கால்வாசி காணாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படவும் வேண்டாம். கடையில் வாங்குகிற 40 சதவீதச் சரக்கை ஊற்றினால் அது இங்கத்தைய ஈரக்காற்றில் 40-க்குக் கீழே இறங்கி நீர்த்துப் போகும். அதற்கு மேல் வீரியம் உள்ள போத்தல் கிடைத்தால் அதைப் போடுங்கள். முதலில் இரண்டு நாள் வெறும் தண்ணீர் ஊற்றி மரத்தை ஊறப் போட்டால் ஒழுக்கு தெரிந்துவிடும். பல்கனியில் வைக்காதீர்கள், காஸ் அடுப்புப் பக்கம் அறவே வேண்டாம், வீட்டிலேயே வெயில் படாத, காற்றோட்டம் குறைந்த மூலை எதுவோ அங்கே வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி எடுத்துப் பாருங்கள். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரம் வறளத் தொடங்கினால் அன்றைக்கே போத்தலில் மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு மாதம் விட்டால் நன்றாகும் என்று காத்திருக்க வேண்டாம், துவர்ப்பு ஏறியதை இறக்க வழியில்லை. வீட்டில் வடிக்கிற விஷயத்தை யாரும் கொமென்டில் கேட்காதீர்கள், பதில் சொல்ல மாட்டேன்.